கிரான்: யாருடைய ஆறரை மணி?

கிரான் என்பது யூனிக்ஸ், லினக்ஸ் கணினிகளில் பின்னணியில் எப்போதும் விழித்திருக்கும் ஒரு சிறு நிரல். குறித்த நேரம் வந்ததும் குறித்த வேலையைத் தொடங்கி வைப்பது மட்டுமே அதன் கடமை. இரவில் கோப்புகளைப் படியெடுப்பது, காலையில் விற்பனை அறிக்கையை அனுப்புவது, மாதத் தொடக்கத்தில் கட்டண நினைவூட்டல் விடுப்பது போன்றவை பெரும்பாலும் இதன் கையில்தான் இருக்கின்றன.

காலத்தைக் குறிக்கும் 'க்ரோனோஸ்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. யூனிக்ஸ் வளர்ந்த பெல் ஆய்வுக்கூடத்துக்காரர்களுக்குப் பெயர்களைக் குறுக்குவதில் தனி விருப்பம் உண்டு. அதனால் கிரேக்கச் சொல்லின் வாலும் போயிற்று, எழுத்து ஒன்றும் போயிற்று. 1979இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் கிரான் இருந்தது. 1987இல் பால் விக்ஸி எழுதி வெளியிட்ட வடிவத்தின் வாரிசுகளைத்தான் இன்று பல லினக்ஸ் வகைகள் பயன்படுத்துகின்றன. கிரான் படிக்கும் பட்டியலுக்குக் 'கிரான்டாப்' என்று பெயர். 'டாப்' என்பது அட்டவணையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் குறுக்கம். பள்ளியிலும் பஸ் நிலையத்திலும் நாம் சொல்லும் 'கால அட்டவணை' அதற்கு அப்படியே பொருந்தும்.

அந்த அட்டவணையில் ஒரு வரி இப்படி இருக்கும்:

```
30 6 * * * /opt/kadai/vilai.sh
```

இடமிருந்து வலமாக நிமிடம், மணி, மாதத்தின் நாள், மாதம், கிழமை என ஐந்து கட்டங்கள். உடுக்குறி போட்ட இடத்தில் 'எதுவானாலும் சரி' என்று பொருள். ஆக, நாள்தோறும் ஆறு மணி முப்பது நிமிடத்துக்கு இந்த வேலை ஓட வேண்டும். இதைக் 'கிரான் கோவை' என்று மொழிபெயர்ப்பவர்கள் உண்டு. கோவை என்றதும் பாதிப்பேருக்கு ஊரும் மீதிப்பேருக்கு இயற்கணிதமும் நினைவுக்கு வரும். 'நேரக் குறிப்பு' என்றாலே போதும்.

இந்த நேரக் குறிப்பில் ஐந்து கட்டங்கள் இருக்கின்றன; ஆறரை யாருடைய ஆறரை என்று சொல்லும் கட்டம் மட்டும் இல்லை. கணினியும் அதைப் பயன்படுத்துபவர்களும் ஒரே கட்டடத்தில் இருந்த காலத்தில் அது தேவைப்படவில்லை. இன்று நாம் வாடகைக்கு எடுக்கும் சர்வர்கள் பெரும்பாலும் யூடிசி எனப்படும் ஒருங்கிணைந்த உலக நேரத்தில் அமைக்கப்பட்டே வருகின்றன. இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முந்தி நிற்கிறது.

பல கிளைகள் கொண்ட ஒரு மளிகை நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். கிளைகள் காலை ஏழு மணிக்குத் திறக்கின்றன. அதற்குமுன் அன்றைய காய்கறி விலைப்பட்டியல் எல்லாக் கிளைகளுக்கும் போய்விட வேண்டும் என்று மேலே உள்ள வரியை எழுதிவைத்தார்கள். பட்டியல் நண்பகல் பன்னிரண்டு மணிக்குத்தான் வந்தது. அதற்குள் பாதிக் காய் நேற்றைய விலையில் போய்விட்டது. கிளையிலிருந்து புகார் வந்ததும் தொழில்நுட்பப் பிரிவில் பதிவேட்டைத் திறந்து பார்க்கிறார்கள். '06:30:01' என்று பளிச்சென்று பதிவாகியிருக்கிறது. "எங்கள் பக்கம் சரியாக ஓடியிருக்கிறது, உங்கள் இணைய இணைப்பைப் பாருங்கள்" என்று பதில் போகிறது. இரு தரப்பும் பொய் சொல்லவில்லை. வேலையைத் தொடங்கிய கடிகாரமே பதிவேட்டிலும் நேரத்தைக் குறிக்கிறது. ஆகவே பதிவேட்டை மட்டும் சாட்சியாக வைத்துக்கொண்டால் இந்தப் பிழை ஒருநாளும் பிடிபடாது.

பிடிக்க எளிய வழி, தாமதத்தின் அளவைப் பார்ப்பது. சர்வர் சுமையாலோ இணைப்பாலோ வரும் தாமதம் ஒருநாள் ஏழு நிமிடம், மறுநாள் நாற்பது நிமிடம் என அலையும். நேர வலயத்தால் வருவது நாள்தோறும் அதே நிமிடத்தில், சரியாக ஐந்தரை மணி நேரம் பிந்தியே வரும். நம் நேரத்தில் அந்த அரைமணி ஒட்டிக்கொண்டிருப்பது இந்த இடத்தில் நல்லதாகப் போயிற்று: ஆறரைக்கு வர வேண்டியது பன்னிரண்டுக்கு வந்தால் உடனே சந்தேகம் எழும். சர்வரில் `timedatectl` என்று தட்டினால் அது எந்த வலயத்தில் இருக்கிறது என்று காட்டிவிடும். கிளை ஊழியரின் கைப்பேசி நேரத்தை அதன் அருகில் வைத்துப் பார்த்தால் வழக்கு முடிந்தது.

பிழை தெரிந்தவுடன் எல்லோரும் முதலில் செய்வது, ஐந்தரை மணியைக் கழித்து எழுதுவது. காலை 6:30 என்பது யூடிசியில் 1:00.

```
0 1 * * * /opt/kadai/vilai.sh
```

நாள்தோறும் ஓடும் வேலைக்கு இது சரி. கிழமையோ தேதியோ சேர்ந்துவிட்டால் கழித்தல் காலை வாரிவிடும். திங்கள் அதிகாலை 2:00 மணிக்கு வாராந்திரச் சரக்குக் கணக்கு ஓட வேண்டும் என்று வைப்போம். யூடிசியில் அது ஞாயிறு இரவு 20:30. மணியை மட்டும் மாற்றி, திங்களைக் குறிக்கும் 1 என்ற எண்ணை அப்படியே விட்டால், வேலை செவ்வாய் அதிகாலை ஓடும். சரியான வரியில் கிழமையும் பின்னே போய் 0 ஆக வேண்டும்:

```
30 20 * * 0 /opt/kadai/sarakku.sh
```

மாதக் கணக்கு இன்னும் சிக்கல். ஒன்றாம் தேதி நள்ளிரவு 12:30 என்பது யூடிசியில் முந்தைய மாதத்தின் கடைசி நாள், இரவு 19:00. கடைசி நாள் 28, 29, 30, 31 இவற்றில் எதுவாகவும் இருக்கலாம். 'மாதக் கடைசி' என்று சொல்லும் குறி வழக்கமான கிரானில் இல்லை. எனவே நான்கு நாளும் எழுப்பி, இந்தியாவில் தேதி ஒன்று ஆகிவிட்டதா என்று அந்த வேலையையே பார்க்கச் சொல்ல வேண்டியிருக்கிறது:

```
0 19 28-31 * * [ "$(TZ=Asia/Kolkata date +\%d)" = "01" ] && /opt/kadai/maatham.sh
```

கிரான்டாப்பில் விழுக்காட்டுக் குறியை வெறுமனே எழுதினால் கிரான் அதை வரி முடிவாக எடுத்துக்கொள்ளும். அதனால்தான் அதன்முன் பின்சாய்கோடு. ஒரு மாதக் கணக்கை ஓட்ட இவ்வளவு வித்தை தேவைப்படும்போது, கழித்தல் சரியான வழியல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. ஆறு மாதம் கழித்து வரும் புதிய ஊழியர் '0 19' என்பதைப் பார்த்து இரவு ஏழு மணி என்றே வாசிப்பார்.

அட்டவணையிலேயே வலயத்தைச் சொல்லிவிடுவது மேல். ரெட்ஹேட் குடும்பத்து லினக்ஸ்களில் வரும் குரோனி என்ற கிரான் வடிவம் இதை ஏற்கிறது:

```
CRON_TZ=Asia/Kolkata
30 6 * * * /opt/kadai/vilai.sh
```

இணையத்தில் பார்த்து இதே வரியை டெபியனிலோ உபுண்டுவிலோ எழுதிவிட்டு ஏமாறுபவர்கள் நிறையப் பேர். அங்கே வழக்கமாக இருந்துவரும் கிரான், பயனருக்கு ஒரு வலயம் என்ற ஏற்பாட்டை ஆதரிப்பதில்லை. `TZ=Asia/Kolkata` என்று எழுதினால் அது ஓடும் வேலைக்குள் மட்டும் செல்லும், வேலை தொடங்கும் நேரத்தை மாற்றாது. விளைவு முன்பைவிட மோசம்: வேலை அச்சிடும் அறிக்கையில் இந்திய நேரம் இருக்கும், ஓடுவதோ யூடிசிப்படி. அந்தக் கணினிகளில், கிரானைப் போலவே நேரம் பார்த்து வேலையைத் தொடங்கும் சிஸ்டம்டி டைமரைப் பயன்படுத்துவது நல்லது. அதில் நேரத்தின் பக்கத்திலேயே ஊரை எழுதலாம்:

```
OnCalendar=*-*-* 06:30:00 Asia/Kolkata
```

`systemd-analyze calendar` என்ற கட்டளைக்கு இந்த நேரத்தைக் கொடுத்தால், அடுத்து எப்போது ஓடும் என்பதை யூடிசியிலும் சேர்த்துக் காட்டும். முழுச் சர்வரையும் இந்திய நேரத்துக்கு மாற்றுவது கடைசி வழி. அப்படி மாற்றினால் யூடிசி என்று நினைத்து எழுதிய பழைய வேலைகள் எல்லாம் இடம்பெயரும். மாற்றிய பிறகு கிரானையும் ஒருமுறை நிறுத்தித் தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் அது பழைய வலயத்தையே பிடித்துக்கொண்டிருக்கக்கூடும்.

'ஐஎஸ்டி' என்ற சுருக்கத்தை விட்டு 'ஏசியா/கொல்கத்தா' என்று ஊர்ப்பெயர் எழுதுவதற்குக் காரணம் உண்டு. அந்தச் சுருக்கம் இஸ்ரேலுக்கும் அயர்லாந்துக்கும்கூடப் பொருந்தும். ஐந்தரை என்று எண்ணாக எழுதினாலும் நிலையில்லை. இலங்கை 1996இல் கடிகாரத்தை யூடிசிக்கு ஆறரை மணி முந்தியதாக்கி, அதே ஆண்டில் ஆறாகக் குறைத்து, 2006 ஏப்ரலில் மீண்டும் ஐந்தரைக்குத் திரும்பியது. 'ஏசியா/கொழும்பு' என்று எழுதியிருந்தால், வலயத் தரவுத்தளம் புதுப்பிக்கப்படும்போது அட்டவணை தானே சரியாகிவிடும். லண்டன் கிளைக்கு அறிக்கை அனுப்புபவர்களுக்கு இது ஆண்டுக்கு இருமுறை வரும் தலைவலி. அங்கே கோடையில் கடிகாரம் ஒரு மணி முன்னே போகும்.

இரண்டு கடிகாரங்களுக்கு நடுவில் மாட்டிக்கொள்வது நமக்குப் புதிதுமல்ல. 1906 ஜனவரி 1இல் இந்தியச் சீர்நேரம் வருவதற்குமுன் ரயில்கள் சென்னை நேரத்தில் ஓடின, பம்பாயும் கல்கத்தாவும் தத்தம் நேரத்தில் இயங்கின. சென்னை நேரம் கிரீன்விச்சுக்கு ஏறத்தாழ 5 மணி 21 நிமிடம் முந்தியது.

இனி தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். கிரான் என்பது ஒரு நிரலின் பெயர். பெயரை மொழிபெயர்க்கத் தேவையில்லை, அப்படியே எழுதலாம். அது ஓட்டும் வேலைக்குக் 'கால அட்டவணைப் பணி' என்பது நீளமாக இருக்கிறது. 'தானியங்கிப் பணி' என்பது பொருத்தமில்லை. தானாக ஓடுவதெல்லாம் நேரம் பார்த்து ஓடுவதில்லை. 'நேரங்குறித்த பணி' என்பதே என் தேர்வு. நேரம் குறித்தல் என்பது வீட்டில் புழங்கும் வழக்கு. அதிலுள்ள ஒரு நடைமுறையும் இங்கே உதவுகிறது: ஜாதகம் கணிப்பவர் பிறந்த நேரத்தைக் கேட்ட கையோடு பிறந்த ஊரையும் கேட்பார், ஊர் தெரியாமல் லக்னம் போட மாட்டார்.

ஆகவே நேரங்குறித்த பணி ஒன்றைப் பற்றி ஆவணத்திலோ அலுவலக மின்னஞ்சலிலோ எழுதும்போது, 'காலை 6:30க்கு ஓடும்' என்று நிறுத்தாமல் 'இந்திய நேரம் காலை 6:30, சர்வர் நேரம் 01:00' என்று இரண்டையும் எழுதுங்கள். கிரான்டாப்பில் எண்குறியிட்டுத் தொடங்கும் வரியைக் கிரான் படிக்காமல் தாண்டிவிடும்; அந்தக் குறிப்பை வேலைக்கு மேலே அப்படியொரு வரியாகவும் போட்டுவைக்கலாம்:

```
# இந்திய நேரம் காலை 6:30 = சர்வர் நேரம் 01:00
0 1 * * * /opt/kadai/vilai.sh
```