சினைப்பொழிவு: பவளம் பார்க்கும் நிலாக் கணக்கு

கடல் சார்ந்த செய்திகளில் 'ஸ்பானிங்' என்ற சொல் அடிக்கடி வருகிறது. ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃப் என்ற பவளத்திட்டில் பவளங்கள் ஆண்டுக்கு ஒருமுறை முட்டையும் விந்தும் நீரில் விடும் நிகழ்வைப் பற்றிய செய்தி என்றால் கட்டாயம் வரும். தமிழில் இதைச் சிலர் 'முட்டையிடுதல்' என்கிறார்கள், சிலர் 'இனப்பெருக்கம்' என்று முடித்துவிடுகிறார்கள். இரண்டுமே சரியாகப் பொருந்தவில்லை.

ஆங்கிலத்துக்கு இந்தச் சொல் பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. மூலம் லத்தீனின் 'எக்ஸ்பாந்தெரே', அதாவது பரப்புதல், விரித்தல். 'எக்ஸ்பாண்ட்' என்ற சொல்லுக்கும் அதுவே வேர். முதலில் மீன்கள் தண்ணீரில் சினையை உதிர்த்துப் பரப்புவதைக் குறித்து, பிறகு தவளை, சிப்பி, பவளம் என்று விரிந்தது. ஆக, இச்சொல்லின் உயிர் பரப்புவதில் இருக்கிறது. உடலுக்குள் கருவுறாமல், முட்டையையும் விந்தையும் நீரில் விட்டு அங்கேயே கருவுறவிடும் உயிர்களுக்கு உரிய சொல் இது.

'முட்டையிடுதல்' என்றால் விந்து விடுபட்டுப்போகிறது. பவளத்தில் இது பெரிய விடுபடல், ஏனென்றால் பல இனங்களில் ஒரே பாலிப், அதாவது பவளக் கூட்டத்தின் ஒற்றைச் சிற்றுயிர், இரண்டையும் உண்டாக்கி ஒரே உருண்டையாகக் கட்டி வெளியே தள்ளுகிறது. 'இனப்பெருக்கம்' என்பதோ மிக அகலம். பவளம் கிளை ஒடிந்து, ஒடிந்த துண்டு வேறிடத்தில் ஒட்டி வளர்ந்தும் பெருகும். அதுவும் இனப்பெருக்கம்தான், ஆனால் இது அல்ல.

மீனின் வயிற்று முட்டைக்குச் 'சினை' என்ற சொல் சந்தையிலேயே புழங்குகிறது. அது மழைபோல் நீரில் இறங்குவதால் 'சினைப்பொழிவு' என்பது எனக்குச் சரியாகப் படுகிறது. சினை என்றாலே பெண்பால் வாடை அடிக்கிறது என்று ஒருவர் குறை சொல்லலாம், நியாயம்தான். அதனால் முட்டையும் விந்தும் சேர்ந்த அந்த உருண்டையைச் 'சினைப்பொதி' என்று தனியே சொல்லிவிட்டால் குழப்பம் தீரும். பல இனங்கள் ஒரே இரவுகளில் சேர்ந்து செய்வது 'கூட்டுச் சினைப்பொழிவு'.

இந்தக் கூட்டு நிகழ்வு அறிவியலுக்குத் தெரியவந்தது 1980களின் தொடக்கத்தில்தான். ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இளம் ஆய்வாளர்கள் குழு ஒன்று மேக்னடிக் தீவு உள்ளிட்ட இடங்களில் இரவில் மூழ்கிப் பார்த்து, 1984இல் 'சயன்ஸ்' இதழில் எழுதியது. அதுவரை பெரும்பாலான பவளங்கள் கருவைத் தம் உடலுக்குள்ளேயே வைத்து வளர்த்து வெளிவிடுகின்றன என்றுதான் பாடநூல்கள் நம்பின. பௌர்ணமி கழிந்த மூன்றாவது முதல் ஆறாவது இரவு வரை போய்ப் பார்த்தால்தானே தெரியும்!

பவளத்துக்கு மூளை கிடையாது, கண்ணும் கிடையாது. இரவு எது என்று எப்படித் தெரிகிறது? மூன்று கணக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக வேலை செய்கின்றன. மாதத்தை முடிவு செய்வது வெப்பம். குளிர்காலம் முடிந்து நீர் சூடாக ஆரம்பிக்கும்போது முட்டைகள் முதிர்கின்றன. அதனால்தான் கிரேட் பேரியர் ரீஃபில் கரையோரத் திட்டுகள் பெரும்பாலும் அக்டோபர் பௌர்ணமிக்குப் பின்னும், வெளித்திட்டுகள் நவம்பர் பௌர்ணமிக்குப் பின்னும் பொழிகின்றன. கரையோர நீர் முன்னதாகச் சூடாகிறது, அவ்வளவே.

இரவை முடிவு செய்வது நிலா. ஆனால் இதில் முக்கியம் வெளிச்சமா இருட்டா என்பது நீண்ட நாள் கேள்வியாக இருந்தது. பௌர்ணமி அன்று சூரியன் மறையும் நேரத்திலேயே நிலா எழுந்துவிடும், இடையில் இருட்டே இராது. அதற்குப் பிறகு நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தாமதமாகிக்கொண்டே போகும். சங்கடஹர சதுர்த்தி விரதம் இருக்கும் வீடுகளில் நிலா எப்போது வரும் என்று இரவில் காத்திருப்பார்களே, அதே தாமதம்தான். பௌர்ணமிக்குப் பின்வரும் திரிதியை, சதுர்த்தி, பஞ்சமி என்று ஒவ்வொரு நாளும் அஸ்தமனத்துக்கும் நிலவெழுச்சிக்கும் இடையிலான இருண்ட இடைவெளி நீள்கிறது. தைவானில் 'டிப்சஸ்ட்ரேயா ஸ்பெசியோசா' என்ற இனத்தை வைத்துச் செய்து 2021இல் வெளியான ஆய்வில், இந்த இருண்ட இடைவெளியே தூண்டுகோல் என்று தெரிந்தது. பௌர்ணமிக்கு முன்பே மாலையில் பவளத்தை மூடி இருட்டாக்கினால், அது வழக்கத்தைவிட முன்கூட்டியே பொழிந்தது.

நேரத்தைச் சொல்வது அஸ்தமனம். இனத்துக்கு இனம் அது வேறுபடும். 'அக்ரோபோரா டெனுவிஸ்' பொழுது சாய்ந்த கொஞ்ச நேரத்திலேயே பொழிந்துவிடும். அதன் உறவான 'அக்ரோபோரா மில்லேபோரா' இன்னும் இரண்டு மூன்று மணி நேரம் கழித்துத்தான் தொடங்கும். ஒரே இரவில் பொழிந்தாலும் இரண்டும் பெரிதாகக் கலந்துவிடாமல் இருக்க இந்த இடைவெளி உதவுகிறது.

இப்போது சீரமைப்புக்கு வருவோம். பவளத்திட்டுச் சீரமைப்பு என்றால் உலகின் பல இடங்களில் நடப்பது துண்டு நடவு: உயிருள்ள பவளத்திலிருந்து கிளைகளை ஒடித்து, சட்டங்களில் கட்டி வளர்ப்பது. மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடியை ஒட்டி நடந்த மறுநடவும் இந்த வகைதான். பலன் தரும் முறைதான், ஆனால் ஒரே தாயிலிருந்து வந்த துண்டுகள் எல்லாம் மரபணுவில் ஒரே ஆள். ஒரு வெப்ப அலைக்கு ஒன்று செத்தால் மற்றவையும் சாகும் வாய்ப்பு அதிகம். சினைப்பொழிவில் பிறக்கும் ஒவ்வொரு குஞ்சும் வேறு வேறு ஆள். அந்தப் பன்மைக்காகத்தான் சிலர் நிலாக் கணக்கைப் பார்த்துப் படகு ஏறுகிறார்கள்.

நான் அறிந்ததில் தெளிவான உதாரணம் பிலிப்பைன்ஸின் பொலினாவ் பகுதி. அங்கே மக்சாய்சாய் என்ற திட்டு வெடிவைத்து மீன் பிடித்ததில் சிதைந்து கிடந்தது. 1984 கட்டுரையை எழுதியவர்களில் ஒருவரான பீட்டர் ஹாரிசனும் பிலிப்பைன்ஸ் ஆய்வாளர் டெக்ஸ்டர் டெலா குரூஸும் 2013இல் அங்கே 'அக்ரோபோரா டெனுவிஸ்' குஞ்சுகளை விட்டுப் பார்த்தார்கள்.

இந்த முறையில் முதல் வேலை, பவளம் தயாரா என்று பார்ப்பது. ஒரு கிளையை ஒடித்தால் உள்ளே முட்டைகள் தெரியும். வெள்ளையாக இருந்தால் இன்னும் முதிரவில்லை, அடுத்த பௌர்ணமிக்கும் காத்திருக்க வேண்டியிருக்கலாம். இளஞ்சிவப்பு அல்லது செந்நிறமாக இருந்தால் வருகிற பௌர்ணமிக்குப் பின் பொழியும். அன்றைய இரவுக்கும் ஓர் அறிகுறி உண்டு: பொழிவதற்குச் சற்று முன் பாலிப்பின் வாயில் சினைப்பொதி வந்து புள்ளிபோல் தெரியும். அதைப் பார்த்தால் வலையையும் வாளியையும் தயார் செய்துவிடலாம்.

பொதிகளில் கொழுப்பு நிறைந்திருப்பதால் அவை மேலே மிதந்து வந்து உடைகின்றன. அவற்றை வாளியில் எடுத்து, பல தாய்ப் பவளங்களிலிருந்து வந்தவற்றைக் கலக்க வேண்டும். இது கட்டாயம், ஏனென்றால் அக்ரோபோரா இனங்களில் தன் விந்தால் தன் முட்டை பெரும்பாலும் கருவுறாது. ஒரே கூட்டத்தின் சினையை மட்டும் வாளி வாளியாகச் சேர்த்தாலும் பயன் இல்லை. பிறகு மிகுதி விந்தைக் கழுவி நீக்க வேண்டும், இல்லாவிட்டால் நீர் அழுகிவிடும். சில மணி நேரத்தில் நுண்ணோக்கியில் பார்த்தால் முட்டை இரண்டாக, நான்காகப் பிரிந்திருப்பது தெரியும். பிரியவில்லை என்றால் அந்த வாளி வீண்.

பலரும் தவறுகிற இடம் இதற்குப் பிறகுதான். தொடக்கத்தில் பவளக் கருவுக்குப் பாதுகாப்பான உறை கிடையாது. நீரில் ஆக்சிஜன் குறையுமே என்று வேகமாகக் காற்றுக் குமிழி விட்டால், கரு துண்டு துண்டாகப் பிய்ந்துவிடும். முதல் இரவு முழுக்க நீரை மெதுவாகத்தான் நகர்த்த வேண்டும். செத்த முட்டைகள் கரைந்தால் கொழுப்புப் படலம் பரவி மற்றவற்றையும் கெடுக்கும், அதனால் அதை அடிக்கடி வழித்தெடுக்க வேண்டும். ஓரிரு நாளில் கரு நீந்தும் இளவுயிரியாகிறது. இதன் பெயர் பிளானுலா. சுமார் நான்கைந்து நாளில் இடம் தேட ஆரம்பிக்கும். பாறையில் சுண்ணாம்புபோல் படியும் ஒருவகைச் செம்பாசியின் வாசனை கிடைத்தால் அங்கே இறங்கி ஒட்டிக்கொள்ளும். அது இல்லாத வெறும் சல்லியில் எவ்வளவு கொட்டினாலும் ஒட்டுவது குறைவுதான்.

மக்சாய்சாயில் சிதைந்த பகுதிகளை வலைத்துணியால் மூடி, குஞ்சுகளை உள்ளே விட்டார்கள். ஒட்டும்வரை சில நாள் அலை அடித்துக்கொண்டு போகாமல் காப்பதே வலையின் வேலை. லட்சக்கணக்கில் விட்டாலும் முதல் மாதங்களில் பெரும்பாலானவை இறந்தன. இதில் அதிர்ச்சியடைய ஒன்றுமில்லை, இயற்கையிலும் அப்படித்தான். ஐந்து மாதத்துக்குப் பிறகு இறப்பு அடங்கியது. சுமார் மூன்று ஆண்டில், பிழைத்தவை சராசரியாக ஏறக்குறைய 18 சென்டிமீட்டர் விட்டத்துக்கு வளர்ந்து, தாங்களே சினை தரித்தன. பிழைத்த ஒரு பவளக் கூட்டத்துக்கு ஆன செலவு ஏறத்தாழ 21 அமெரிக்க டாலர். மூன்று ஆண்டில் இனம் பெருக்கும் ஒரு தலைமுறை வந்துவிட்டது என்பதே இந்தச் சோதனையின் கனம், செலவு அதற்குப் பிறகுதான்.

கணக்குத் தப்புகிற ஆண்டுகளும் உண்டு. அக்டோபர் தொடக்கத்திலோ அதற்குச் சற்று முன்போ பௌர்ணமி விழுந்தால், சில கூட்டங்கள் முதல் மாதமும் மற்றவை அடுத்த மாதமும் என்று பிரிந்து பொழியும். ஒரு பௌர்ணமிக்கு மட்டும் படகு பிடித்தவர்கள் பாதியைத் தவற விடுவார்கள். வெப்பத்தால் பவளம் நிறமிழக்கும் கடும் வெளிறலுக்குப் பிறகான பருவத்தில் பவளம் உயிரோடிருந்தாலும் முட்டையே உண்டாக்காமல் போகலாம். செங்கடலில் சில இனங்களின் ஒத்திசைவு குலைந்திருக்கிறது என்று 2019இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அவை பொழிகின்றன, ஆனால் பல இரவுகளில் சிதறிப் பொழிகின்றன. விந்தும் முட்டையும் சந்திக்க வேண்டிய அடர்த்தி அப்போது கிடைப்பதில்லை.

இன்னொன்று கரையோர மின்விளக்கு. அஸ்தமனத்துக்குப் பின்னான இருட்டுதான் தூண்டுகோல் என்றால், விடுதிகளின் வெளிச்சம் அந்த இருட்டைக் குழப்பும் அல்லவா? 2023இல் வந்த ஆய்வொன்று, வெளிச்சம் படும் திட்டுகளில் சினைப்பொழிவு ஒன்று முதல் மூன்று நாள் வரை முன்னே, பௌர்ணமியை நோக்கி நகர்கிறது என்று காட்டியது. சேகரிக்கப் போகும் குழுக்கள் சிவப்பு விளக்கு எடுத்துப் போவதும் இதனால்தான்.

கடலில் நடக்கும் கணக்கைத் தொட்டிக்குள்ளும் கொண்டுவந்துவிட்டார்கள். லண்டனின் ஹார்னிமன் அருங்காட்சியகத்தில் ஜேமி கிராக்ஸ் என்பவர், வெப்பநிலையையும் அஸ்தமனத்தையும் நிலவொளியையும் கணினியால் மாற்றிக்கொண்டே போகும் தொட்டிகளை அமைத்து, பவளங்களைக் குறித்த காலத்தில் பொழியவைத்தார். அந்த முறையைப் பயன்படுத்தி, அட்லாண்டிக்கில் அழிந்துவரும் தூண் பவளத்தை ஃப்ளோரிடா மீன்காட்சியகம் 2019இல் ஆய்வகத்தில் பொழியச் செய்தது. அங்கே நிலா என்பது குறித்த நேரத்தில் எரியும் ஓர் எல்இடி விளக்கு, பருவம் என்பது நீர்ச்சூடாக்கியின் அமைப்பு. இரண்டில் எது பிசகினாலும் அந்த ஆண்டுக் குஞ்சுகள் இல்லை.