காதில் குரல் கேட்டால் ஏன் முதலில் பூசாரியிடம் போகிறோம்?

"புளோக்குப் பக்கத்திலேயே பலதுறை மருந்தகம் இருக்கிறது, படித்த குடும்பம்தான், அப்படியும் மகனுக்குக் குரல் கேட்கிறது என்றதும் முதலில் மந்திரிக்கத்தானே கூட்டிப் போனார்கள், ஏன்?" என்று ஈசூன் வாசகி ஒருவர் கேட்டிருந்தார். அறியாமை என்று சொல்லிவிட்டுப் போகலாம்தான், ஆனால் அந்தக் குரல் எப்படி உண்டாகிறது என்று பார்த்தால் அப்படிச் சொல்ல மனம் வராது.

நாம் பேசும்போது, மனதுக்குள் பேசினாலும்கூட, பேச்சுக்கான கட்டளை மூளையில் கிளம்பும் அதே நேரம் அதன் நகல் ஒன்று கேட்கும் பகுதிக்கும் போகிறது. "இப்போது வரப்போவது நம் குரல்தான்" என்ற முன்னறிவிப்பு அது. அதனால் சொந்தக் குரலுக்குக் கேட்கும் பகுதி அடக்கமாகவே வினையாற்றும். நம்மை நாமே கிச்சுக்கிச்சு மூட்டினால் சிரிப்பு வராததற்கும் இதே மாதிரியான முன்னறிவிப்புதான் காரணம். இப்படிக் குரல் கேட்கவைக்கும் ஸ்கிசோஃப்ரினியா என்ற மனநோய் உள்ளவர்களிடம் இந்த அடக்கம் குறைந்திருப்பதை மூளை அலைப் பதிவுகளில் பார்த்திருக்கிறார்கள். எல்லாக் குரல்களையும் இது ஒன்றே விளக்கிவிடாது. ஆனால் நகல் ஒழுங்காகப் போய்ச் சேராதபோது என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்: உள்ளே எழுந்த எண்ணம்தான், ஆனால் "என்னுடையது" என்ற முத்திரை அதில் இல்லை. அந்த மகனைப் பொறுத்தவரை உண்மையாகவே வேறு யாரோ பேசுகிறார்கள். "யாரோ பேசுறாங்கம்மா" என்று மகன் சொன்னால், அந்த யாரோவை விரட்டத் தெரிந்தவரிடம் அம்மா போவதில் என்ன வியப்பு?

அங்கே போனதும் பல நேரம் கொஞ்சம் சரியாகவும் ஆகிறது. நோய் ஏறி இறங்கும் தன்மையுள்ளது, நாம் போவதோ அது உச்சத்தில் இருக்கும் நாளில், எனவே கயிறு கட்டாவிட்டாலும் அடுத்த வாரம் சற்றுத் தணிந்திருக்கக்கூடும். ஆனால் அது மட்டுமில்லை. தமிழ்நாட்டில் முத்துசுவாமி கோயில் ஒன்றில் தங்கியிருந்த, கடும் மனநோயுள்ள 31 பேரை பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை ஆய்வாளர்கள் கவனித்து 2002-இல் வெளியிட்டார்கள். சராசரி 6 வாரத் தங்கலில் நோய்க்குறி மதிப்பெண் கிட்டத்தட்ட 20% இறங்கியிருந்தது. பேயோட்டுதல் எதுவும் அங்கே இல்லை, கூடவே உறவினர், சின்னச் சின்னக் கோயில் வேலைகள், மரியாதை, அவ்வளவுதான். ஒப்பிட வேறொரு குழு இல்லாத சின்ன ஆய்வுதான். இருந்தாலும் இந்த மாதிரி ஆய்வுகளுக்குப் பணம் ஒதுக்க ஏன் இவ்வளவு தயங்குகிறார்கள் என்று எனக்கு ஆதங்கமாக இருக்கிறது.

பூசை செய்வது ஆபத்தில்லை, தாமதம்தான் ஆபத்து. குரல் தொடங்கி மருந்து தொடங்கும்வரை உள்ள காலம் நீள நீள, குணமாவது கடினமாகிறது. சிங்கப்பூர் மனநலக் கழகம் 2001-இல் தொடங்கிய தொடக்கநிலைச் சிகிச்சைத் திட்டம் குறிவைத்தது இந்த இடைவெளியைத்தான்.

இப்போது அந்தப் பையனுக்கு 20 வயது, தொழிற்கல்லூரியில் படிக்கிறான், வீட்டில் செய்வினை என்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். "அதெல்லாம் மூடநம்பிக்கை" என்று மருத்துவர் சொன்னால் அம்மா தலையாட்டுவார், அடுத்த முறை எதையும் சொல்லமாட்டார், அப்புறம் பையன் என்ன சூரணம் சாப்பிடுகிறான், எத்தனை நாள் விரதம் என்று மருத்துவருக்குத் தெரியவே தெரியாது. அதற்குப் பதில், "வீட்டில் இதை என்னவென்று நினைக்கிறீங்க, யாரைப் பார்த்தீங்க, அவர் என்ன செய்யச் சொன்னார்?" என்று கேட்கலாம். பையன் சம்மதித்தால் பூசாரியிடமே பேசலாம். பூசை நடக்கட்டும், விரதத்துக்கு இடைஞ்சல் இல்லாமல் மாத்திரையை இரவில் வைத்துக்கொள்ளலாம், ஆனால் கட்டிப்போடுவது, அடிப்பது, தண்ணீர் கொடுக்காமல் இருப்பது கூடாது. கானா, நைஜீரியாவில் நம்பிக்கை வைத்தியர்களும் சுகாதார ஊழியர்களும் சேர்ந்து கவனித்த நோயாளிகள், 6 மாதத்தில் வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களைவிடத் தெளிவாக நன்றாக இருந்தார்கள். 2020-இல் 'லான்செட்' இதழில் வந்த ஆய்வு அது.

இதில் பூசாரியிடம் தனியாகச் சொல்லவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. மருந்தின் முழுப் பலன் தெரியப் பல வாரம் ஆகும், அந்த வாரங்களில்தான் பூசையும் நடக்கும், குணமானதும் பெயர் பூசைக்குப் போய்விடும். போகட்டும், அதில் நட்டமில்லை. ஆனால் "இனி மாத்திரை எதற்கு" என்று நிறுத்திவிட்டால் குரல் மறுநாளே திரும்பாது, மாதக்கணக்கில் சும்மா இருந்துவிட்டு வரும், அதனால் நிறுத்தியது சரிதான் என்றே வீட்டில் நம்பியிருப்பார்கள். முதலில் தூக்கம்தான் கெடும், அப்புறம் சந்தேகம். மருத்துவர் மாதம் ஒருமுறை பார்க்கிறார், பூசாரி வெள்ளிக்கிழமைதோறும் பார்க்கிறார், அந்தத் தூக்கக் கேட்டை முன்னாலேயே பிடிக்கக்கூடியவர் அவர்தான். சாகப்போகிறேன் என்று பேசினாலோ, சாப்பாடும் தண்ணீரும் நின்றாலோ, காய்ச்சலோடு உடம்பு விறைத்தாலோ வெள்ளிக்கிழமைக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே அவசரப் பிரிவுக்கு அனுப்பும்படி அவரிடம் சொல்லிவைக்க வேண்டும். மனநலக் கழகத்தின் 24 மணிநேர எண் 6389 2222, அதை அவர் கைப்பேசியிலும் பதிந்து கொடுத்துவிடலாம்.