ஜெனரேஷன் லாஸ்: மறுசேமிப்பு இழப்பு

ஒரு படத்தைத் திருத்தித் திருத்திச் சேமிக்கும்போது தரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதை 'ஜெனரேஷன் லாஸ்' என்கிறார்கள். இது காந்த நாடாக் காலத்துச் சொல். மூல நாடா முதல் தலைமுறை, அதிலிருந்து எடுத்த பிரதி இரண்டாம் தலைமுறை. பிரதிக்குப் பிரதி இரைச்சல் கூடியது. 'தலைமுறை இழப்பு' என்ற தமிழாக்கம் நாடாவுக்குப் பொருந்தும், கணினிப் படத்துக்குப் பொருந்தாது. கோப்பை எத்தனை முறை நகலெடுத்தாலும் எதுவும் குறையாது. திறந்து, மாற்றி, மறுபடி சேமிக்கும்போதுதான் குறைகிறது. அதனால் 'மறுசேமிப்பு இழப்பு' என்பதே சரியான சொல் என்பேன்.

1992-இல் தரநிலையான ஜேபெக், படத்தை 8×8 புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு கட்டத்தின் நுணுக்கங்களையும் எண்களாக்கி, வகுத்து, முழு எண்ணாக்குகிறது. அங்கே போனது திரும்பாது. தர அளவை 100 என்று வைத்தாலும் சிறிது போகத்தான் செய்யும். எதையும் மாற்றாமல் அதே மென்பொருளில், அதே அளவில் திரும்பத் திரும்பச் சேமித்தால், சில முறைக்குப் பின் இழப்பு ஏறக்குறைய நின்றுவிடும். ஆனால் இடது ஓரத்தில் 3 புள்ளிகளை வெட்டிப் பாருங்கள்: கட்டங்களின் எல்லை முழுவதும் நகர்ந்து, இழப்பு புதிதாகத் தொடங்கும். வெளிச்சத்தைக் கூட்டினாலும் அப்படித்தான். படத்தை 200 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, எழுத்துகளின் விளிம்பையும் வெறும் வானத்தையும் பாருங்கள். விளிம்பைச் சுற்றி அழுக்குப் புள்ளிகளும் வானத்தில் சதுரங்களும் தெரிந்தால் அது இந்த இழப்புதான்.

சரி, எதில் சேமிப்பது? 6000×4000 புள்ளிகள் கொண்ட ஒரு புகைப்படத்தை எடுத்துக்கொள்வோம். இன்று நிறத்தைத் திருத்தி, நாளை வெட்டி, அப்புறம் தலைப்பு எழுத வேண்டும். புள்ளிக்கு 3 பைட் என்றால், சுருக்காத அளவு 72 மெகாபைட். ஜேபெக் இதைப் பெரும்பாலும் 10 மெகாபைட்டுக்குள் அடக்கிவிடும். பிஎன்ஜி எதையும் இழக்காது, ஆனால் புகைப்படத்தில் அதன் கோப்பு பல மடங்கு பெரிது. தலைப்பைத் தனி அடுக்காக வைத்து பின்னால் மாற்ற நினைத்தால் பிஎன்ஜி உதவாது. அடுக்குகளைக் காக்கும் வடிவம், ஃபோட்டோஷாப்பின் பிஎஸ்டி அல்லது கிம்ப்பின் எக்ஸ்சிஎஃப் வேண்டும். கோப்பு இன்னும் பெரிதாகும், ஆனாலும் வேலை நடக்கும்வரை அந்த ஒரு கோப்புக்கு இடம் ஒதுக்குவதுதான் சரி. அனுப்ப வேண்டிய நேரத்தில் அதிலிருந்து ஜேபெக் எடுங்கள். தலைப்பில் பிழை வந்தால் அந்த ஜேபெக்கைத் திறக்காதீர்கள். மூலக் கோப்பில் திருத்தி, புதிதாக எடுங்கள்.

கையில் வந்ததே ஜேபெக் என்றால், முதல் திருத்தத்திலேயே இழப்பில்லா வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். ஏற்கெனவே போனது மீளாது, இனிமேல் போவது நிற்கும். வெறுமனே படத்தைத் திருப்ப மட்டும் வேண்டுமானால் அதுவும் தேவையில்லை. மேலே சொன்ன அளவுள்ள படத்தை jpegtran நிரலே மறுசேமிப்பு இழப்பின்றித் திருப்பிவிடும்:

```
jpegtran -copy all -rotate 90 -outfile b.jpg a.jpg
```