பேக்ஃப்ளஷ்: தமிழில் என்ன சொல்வது?

மண்டபம் பக்கம் ஒரு நண்டு கம்பெனியில் ஸ்டோர்ஸ் கணக்கு என் வேலை. கம்ப்யூட்டரில் புது மென்பொருள் போட்ட வாரம், பயிற்சி கொடுக்க வந்தவர் "பேக்ஃப்ளஷ் ஆன் பண்ணியாச்சா?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற எங்கள் பிளான்ட் ஆபரேட்டர், "காலையிலேயே பண்ணிட்டேன் அண்ணே" என்றார். அவர் சொன்னது ஆர்.ஓ. பிளான்ட்டின் மணல் ஃபில்டரை. வந்தவர் கேட்டது சரக்குக் கணக்கை.

குழப்பம் ஆபரேட்டருடையது அல்ல, சொல்லுடையது. ஃபில்டரில் அழுக்கு அடைத்துக்கொண்டால் தண்ணீரை எதிர்த்திசையில் செலுத்தி அலசிவிடுவது அந்தச் சொல்லின் நேர்ப்பொருள். உவர்நீரோடு வாழும் இந்தக் கடற்கரையில் அதை விளக்க வேண்டியதே இல்லை. கணக்குக்காரர்கள் அதிலிருந்து 'பின்னோக்கி' என்பதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். பொருள் செய்து முடித்த பிறகு, முடிந்த எண்ணிக்கையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, அதற்கு என்னென்ன மூலப்பொருள் செலவாகியிருக்க வேண்டுமோ அதை இருப்பிலிருந்து கழித்துவிடுவது. கையிருப்பைக் குறைத்து, தேவைக்குத் தேவை வரவழைத்து ஓட்டும் ஜப்பானியத் தொழிற்சாலை முறை உலகெங்கும் பரவிய 1980களில் இந்தச் சொல்லும் கணக்கியல் நூல்களில் வேரூன்றியது. காலையில் வந்த சரக்கு மாலைக்குள் பொருளாகி வெளியே போய்விட்டால், நடுவில் ஒவ்வொரு ஆணிக்கும் சீட்டு எழுதுவது வீண் வேலை.

எதிர்ப்பக்கம் இருப்பது பழைய முறை. ஒவ்வொரு உற்பத்தி ஆணைக்கும் ஸ்டோர்ஸில் எடை போட்டு, சீட்டு எழுதி, பொருளைக் கொடுப்பது. எங்கள் வாயில் அது 'இஷ்யூ போடுறது'.

இரண்டுக்கும் கணக்கேட்டில் விழும் பதிவு ஒன்றுதான். பெரிய கம்பெனிகள் வைத்திருக்கும் எஸ்.ஏ.பி. என்ற மென்பொருளில் பார்த்தால் எந்த வழியில் போனாலும் இருப்பு குறைவது `261` என்ற அசைவு எண்ணில்தான். திருப்பி எடுத்தால் `262`. வித்தியாசம், அந்த அளவு எங்கிருந்து வருகிறது என்பதில். ஒன்றில் தராசு சொல்கிறது. மற்றதில், ஒரு டப்பாவுக்கு என்னென்ன எவ்வளவு போகும் என்று முன்கூட்டியே எழுதிவைத்த பொருள்பட்டியல் சொல்கிறது.

இதை நம் ஊர் வழக்கத்தோடு ஒப்பிட்டால் எளிதாகப் பிடிபடும், ஆனால் கவனமாக ஒப்பிட வேண்டும். படகு கரைக்கு வந்து மீன் விற்றதும் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்துவிட்டு மீதியைப் பங்கு பிரிக்கிறோம். கடைசியில் கழிக்கிறோமே, இதுதானே பேக்ஃப்ளஷ் என்று தோன்றும். இல்லை. அங்கே கழிப்பது பற்றுச் சீட்டில் உள்ள உண்மையான தொகை. 'பத்துப் பெட்டி மீன் வந்திருக்கிறது, பெட்டிக்கு இத்தனை ஐஸ், ஆகவே இவ்வளவு ஐஸ் கரைந்திருக்கும்' என்று சீட்டே இல்லாமல் கழித்தால்தான் அது பேக்ஃப்ளஷ். அப்படிக் கழித்தால் பங்குக்காரர்கள் சும்மா இருப்பார்களா!

எங்கள் கம்பெனியில் நடந்ததையே சொல்கிறேன். எண்களைக் கணக்குக்கு எளிதாக மாற்றியிருக்கிறேன். பொருள்பட்டியலில் 454 கிராம் டப்பா ஒன்றுக்கு முழு நண்டு 1.6 கிலோ, காலி டப்பா ஒன்று, மூடி ஒன்று. 500 டப்பா முடிந்தது என்று பதிவு போட்டதும் மென்பொருள் 800 கிலோ நண்டைக் கழித்தது. ஆனால் அன்று வந்ததில் பாதி, ஓடு கழற்றிச் சில நாளே ஆன நண்டு. தூக்கிப் பார்த்தாலே லேசாக இருக்கும். உடைத்தால் சதையைவிடத் தண்ணீர் அதிகம். உண்மையில் 860 கிலோ போனது. ஐஸ் அறை காலி, ஏட்டில் மட்டும் 60 கிலோ நண்டு பத்திரமாக இருக்கிறது.

கிலோ 400 ரூபாய் என்று வைத்தால் டப்பாவுக்கு நண்டுச் செலவு ஏட்டில் 640 ரூபாய், நிஜத்தில் 688. அந்த 48 ரூபாய் அன்றைய ஆணையில் விழவில்லை. மாதக் கடைசியில் இருப்பு எண்ணும்போது 'வித்தியாசம்' என்ற பெயரில் மொத்தமாக விழுந்தது. எந்த நாள், எந்த வியாபாரியின் நண்டு என்று அப்போது யாராலும் சொல்ல முடியவில்லை. இஷ்யூ போட்டிருந்தால் அன்று மாலையே அந்த ஆணையில் 60 கிலோ துருத்திக்கொண்டு நின்றிருக்கும்.

நல்ல சதை உள்ள நண்டு வந்தால் தலைகீழ். 750 கிலோதான் போகும், மென்பொருளோ 800 கழிக்கப் பார்க்கும். ஏட்டில் அவ்வளவு இல்லையென்றால் பதிவு பாதியில் நிற்கும். எஸ்.ஏ.பி.யில் இப்படித் தேங்கியவை `COGI` என்ற திரையில் வரிசை கட்டும். அந்த வரிசை நாளுக்கு நாள் நீண்டால் பட்டியலில் உள்ள அளவு பொய் சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். நண்டு கம்பெனியில் இன்னொரு அடையாளமும் உண்டு: ஏட்டில் 'நான்கு நாள் பழைய நண்டு' என்று இருப்பு காட்டினால் அப்படி ஒன்று இருக்கவே முடியாது.

பட்டியலில் 1.6ஐ 1.7 ஆக மாற்றினால் தீராதா என்று முதலாளி கேட்டார். தீராது. பிழை பக்கம் மாறும், அவ்வளவுதான். நாளுக்கு நாள் மாறும் பொருளுக்கு எந்த ஒற்றை எண்ணும் பொருந்தாது.

காலி டப்பா கதை வேறு. 500 டப்பாவுக்கு 500தான். மூடி அடைக்கும் மெஷினில் ஏழு நசுங்கினால், முடிந்தது 500, கழிவு ஏழு என்று இரண்டையும் பதிய வேண்டும். கழிவைச் சொல்ல மறந்தால் அந்த ஏழு ஏட்டில் தங்கிவிடும். வாரம் ஒருமுறை அட்டைப்பெட்டியை எண்ணினால் பிடித்துவிடலாம். இதற்குப் போய் ஆணைக்கு ஆணை சீட்டு எழுதுவது எனக்கு அநியாயமாகப் படுகிறது.

சரி, தமிழில் என்ன சொல்வது? ஃபில்டருக்கு 'பின்னலசல்' அழகாகப் பொருந்துகிறது, அதை அங்கேயே விட்டுவிடலாம். கணக்குக்கு 'பின்கழிவு' என்று ஒருவர் எழுதிப் பார்த்தேன். கழிவு என்றால் இங்கே நண்டு ஓடும் சாக்கடையும்தான் நினைவுக்கு வரும். வியாபாரத்தில் அது தள்ளுபடியும்கூட. 'தானியங்கி வழங்கல்' என்பதும் தவறு, ஏனென்றால் எதையும் யாரும் வழங்கவில்லை. பொருள் ஏற்கெனவே போய்விட்டது, கணக்குதான் பின்னால் வருகிறது. என் தேர்வு 'பின்கழிப்பு'. கழிப்பதும் இருக்கிறது, பின்னால் என்பதும் இருக்கிறது. அப்புறம் மற்ற முறைக்கு 'ஆணைவாரி வழங்கல்'. பெயர்வாரி, ஊர்வாரி என்று நாம் சொல்லும் அதே வாரி.

ஈ.ஆர்.பி.நெக்ஸ்ட் என்ற மென்பொருள் வைத்திருப்பவர்கள் `Backflush Raw Materials Based On` என்ற அமைப்பைப் பார்த்திருப்பார்கள். அதில் `BOM`, அதாவது பொருள்பட்டியல், என்று வைத்தால் நான் மேலே சொன்ன பின்கழிப்பு. `Material Transferred for Manufacture` என்று வைத்தால் உற்பத்திக் கூடத்துக்கு உண்மையில் மாற்றிக் கொடுத்த அளவே கழிபடும். பெயரில் பின்கழிப்பு இருந்தாலும் எண் தராசிலிருந்து வருகிறது.

இப்போது எங்கள் ஏட்டில் டப்பா, மூடி, அட்டைப்பெட்டிக்கு எதிரே 'பி.க.' என்று எழுதியிருக்கும். நண்டுக்கு எதிரே எடைச் சீட்டின் எண் இருக்கும், வியாபாரியின் பெயரோடு.