திரள்நேரம்: மழைநீர் வடிகால் அறிக்கையில் ஒரு சொல்

சிறிய மனைப்பிரிவு ஒன்றுக்கான மழைநீர் வடிகால் வடிவமைப்பு அறிக்கையில், கணக்கு அட்டவணையின் ஒரு நெடுவரிசைக்குத் தலைப்பாக Tc என்று எழுதியிருக்கும். ‘டைம் ஆஃப் கான்சன்ட்ரேஷன்’ என்பதன் சுருக்கம் அது. மனைப்பிரிவில் மிகத் தொலைவான மூலையில் விழுந்த மழைத்துளி, கூரை, முற்றம், சாலையோரம், குழாய் எனக் கடந்து, நாம் கணக்கிடும் இடத்தை வந்தடைய எடுத்துக்கொள்ளும் நேரமே அது. தொலைவு என்பது இங்கே அடியளவில் அன்று, நேர அளவில்.

இதைச் ‘செறிவு நேரம்’ என்று பெயர்ப்பது கைக்கு எளிதில் வரும். ஆனால் பொருள் தவறிவிடும். செறிவு என்பது கரைசலின் அடர்த்தியைச் சொல்ல நாம் வழங்கும் சொல். இங்கே எதுவும் அடர்த்தியாவதில்லை. மூலச்சொல்லின் உள்ளே இருப்பது ‘சென்ட்ரம்’ என்ற இலத்தீன் சொல். அதற்கும் முன்னோடி, கூர்முனையைக் குறித்த ‘கென்ட்ரோன்’ என்ற கிரேக்கச் சொல். (நாம் கேந்திரம் என்பதும் வடமொழி வழியாக அங்கிருந்து வந்ததுதான்.) ஆகவே அடிப்பொருள், பல இடத்தில் இருப்பவை ஓரிடத்தில் வந்து கூடுவது. அதற்குத் தமிழில் ‘திரள்’ என்ற வினை இருக்கிறது. ‘ஊரே திரண்டது’ என்றால் கடைக்கோடி வீட்டாரும் வந்து சேர்ந்துவிட்டார்கள் என்று பொருள். பரப்பு முழுவதிலிருந்தும் நீர் வந்து கூடும் அந்தக் கணத்தைச் சுட்டுவதற்குத் ‘திரள்நேரம்’ என்பதே பொருத்தம் என்பது என் கருத்து.

திரள்நேரம் என்ற கருத்தை 1851-இல் அயர்லாந்துப் பொறியாளர் தாமஸ் மல்வனி வெள்ளக் கணிப்புக்காக முன்வைத்தார்; 1889-இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரச் சாக்கடைகளைக் கொண்டு எமில் குய்ச்லிங் அதை நகர வடிகாலுக்குக் கொண்டுவந்தார். இன்றும் சிறிய பரப்புகளுக்கு வழங்குவது அதே வாய்ப்பாடுதான்:

```
Q = C × i × A / 360
```

Q நொடிக்கு இத்தனை கன மீட்டர் என்ற நீரோட்டம். C விழுந்த மழையில் வழிந்தோடும் பங்கு. i மணிக்கு இத்தனை மி.மீ. என்ற மழைச்செறிவு, A ஹெக்டேரில் பரப்பு. இதில் i-ஐத் தீர்மானிப்பது திரள்நேரம். மழை அதைவிடக் குறைந்த நேரமே பெய்தால், தொலைவிலிருந்து நீர் வருவதற்குள் அருகிலுள்ள நீர் வடிந்துவிடும்; நெடுநேரம் பெய்யும் மழையிலோ சராசரிச் செறிவு குறைந்துவிடும். எனவே திரள்நேரம் வரை பெய்யும் மழையையே மிகக் கடுமையானதாகக் கொள்கிறார்கள்.

2 ஹெக்டேர் மனைப்பிரிவு ஒன்றை எடுத்துக்கொள்வோம், C 0.6. தரைமேல் ஓடி வடிகால் வாயை அடைய 12 நிமிடம். பிறகு 270 மீட்டர் குழாயில் நொடிக்கு 1.5 மீட்டர் வேகத்தில் 3 நிமிடம். திரள்நேரம் 15 நிமிடம். வடிவமைப்பு மழையாக 15 நிமிடத்தில் 22.5 மி.மீ. எடுத்தால், செறிவு மணிக்கு 90 மி.மீ.; Q 0.30 வருகிறது. 200 மீட்டருக்கு 1 மீட்டர் சரிவில், சொரசொரப்புக் கெழு 0.013 உள்ள 500 மி.மீ. குழாய் நிறைந்தோடினால் மானிங் வாய்ப்பாட்டின்படி 0.27 மட்டுமே கொள்ளும், ஆகவே 0.43 கொள்ளும் 600 மி.மீ. குழாய் வேண்டும். நாம் எடுத்த 1.5 மீட்டர் வேகம் இந்தக் குழாய்க்கு ஏறத்தாழப் பொருந்துகிறது. பொருந்தாவிட்டால் புதிய வேகத்தில் நேரத்தைத் திருத்தி மறுபடி கணக்கிட வேண்டும்.

இதே மனைப்பிரிவுக்கு ஒரு மணிநேர மழை 50 மி.மீ. என்று மட்டும் தெரிந்து, அதையே i ஆக வைத்தால் Q 0.17 ஆகும், 0.20 கொள்ளும் 450 மி.மீ. குழாயே தாளில் போதும். கட்டிய பிறகு, மழை வலுத்த கால் மணிநேரத்தில் தாழ்வான மேன்ஹோலில் நீர் பொங்கி, மழை தணிந்ததும் விரைவில் வடிந்துவிடும். அடைப்பு என்றால் இப்படி விரைவில் வடியாது. அறிக்கையிலேயே இப்பிழையைக் காணலாம்: குழாய் ஒவ்வொன்றாகக் கீழே இறங்க இறங்கத் திரள்நேரம் கூட வேண்டும், i குறைய வேண்டும். எல்லா வரிசையிலும் i ஒரே எண்ணாக இருந்தால், திரள்நேரத்தை யாரும் கணக்கிடவில்லை என்று கொள்ளலாம். குறைந்தபட்ச நேரம் ஒன்றை எல்லாக் குழாய்க்கும் வேண்டுமென்றே வைத்திருந்தால் அதை எழுதியிருக்க வேண்டும்.

ஒரு வரம்பும் உண்டு. மேல்மூலையில் புல்தரைப் பூங்கா இருந்தால், அங்கிருந்து வரும் மெதுவான சிறிதளவு நீருக்காகத் திரள்நேரம் நீண்டு, i சரிந்துவிடும். அப்போது சாலையும் கூரையும் உள்ள பகுதியை மட்டும் அதன் குறுகிய நேரத்தோடு தனியாகக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். இரண்டில் பெரிய Q எதுவோ அதற்கே குழாயைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.