முக்கால் பங்கு நீர்: காய்கறிப் பாஸ்தாவின் கலோரிக் கணக்கு

காய்கறிகள் சேர்த்துத் தக்காளிச் சாஸில் செய்த பாஸ்தாவைத் தட்டோடு தராசில் வைத்து, அந்த எடையை ஏதோ ஒரு சராசரி எண்ணால் பெருக்கிக் கலோரியைக் கண்டுபிடிப்பவர்கள் பலர் இருக்கிறார்கள். அவ்வாறு கிடைக்கும் விடை சில நாள் சரியாக இருக்கலாம், சில நாள் இருநூறு முந்நூறு கலோரி தவறியும் போகலாம். பெருக்கும் எண் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் இந்தத் தவறு நீங்காது, ஏனெனில் தராசு காட்டும் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு நீராகவே இருக்கிறது. நீருக்கு எடை உண்டு, ஆற்றல் இல்லை. சமைக்கும்போது அது பாஸ்தாவுக்குள் நுழைகிறது, காய்கறியிலிருந்து வெளியேறுகிறது, சாஸிலிருந்து ஆவியாகிறது. ஆகவே, ஒரே பொருள்களைக் கொண்டு ஒரே அளவில் செய்த பாஸ்தாகூட இரண்டு நாளில் இரண்டு வெவ்வேறு எடைகளில் வந்து நிற்கும். உலர்ந்த பாஸ்தா, சீஸ், எண்ணெய் ஆகிய மூன்றையும் பாத்திரத்தில் சேர்வதற்கு முன்பே தனித்தனியாக நிறுத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

கணக்கின் அடிப்படை எளியது. அமெரிக்க வேதியியலாளர் வில்பர் ஆலின் அட்வாட்டர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நடத்திய ஆய்வுகளிலிருந்து, ஒரு கிராம் மாவுச்சத்துக்கும் ஒரு கிராம் புரதத்துக்கும் தலா 4 கலோரி, ஒரு கிராம் கொழுப்புக்கு 9 கலோரி என்ற வழக்கம் நிலைபெற்றது. (நாம் பேச்சில் கலோரி என்று சொல்வது அறிவியலில் கிலோகலோரி. இங்கும் அதே பொருளில்தான் அந்தச் சொல் வருகிறது.) இந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று பொருள்களையும் பார்த்தால், அவை மூன்றும் தம்மிடம் நீரை மிகக் குறைவாகவே வைத்திருப்பவை என்பது தெரியும். எண்ணெயில் நீரே இல்லை, ஆகவே 100 கிராமுக்கு ஏறத்தாழ 900 கலோரி. உலர்ந்த பாஸ்தாவில் பத்து விழுக்காடு அளவுக்கே ஈரப்பதம் இருப்பதால் 100 கிராமுக்கு 350 முதல் 370 கலோரி. பர்மேசான் போன்ற கடினமான சீஸில் மூன்றில் ஒரு பங்குதான் நீர், ஆகவே 100 கிராமுக்குச் சுமார் 400 கலோரி. இவற்றின் பக்கத்தில் தக்காளியை வைத்துப் பாருங்கள்: அதில் 94 விழுக்காட்டுக்கு மேல் நீர், 100 கிராமுக்கு வெறும் 18 கலோரி.

இருவருக்கான ஒரு சமையலை எடுத்துக்கொண்டு கணக்கிடுவோம். உலர்ந்த பாஸ்தா 160 கிராம், 100 கிராமுக்கு 360 கலோரி என்று கொண்டால் 576 கலோரி. எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி, அதாவது 27 கிராம், 243 கலோரி. துருவிய கடினச் சீஸ் 40 கிராம், 160 கலோரி. காய்கறிகளில் தக்காளி 400 கிராம், சுக்கினி 200 கிராம், குடைமிளகாய் 100 கிராம், காளான் 100 கிராம், வெங்காயம் 80 கிராம், ஆக மொத்தம் 880 கிராம். இத்தனை காய்கறிகளும் சேர்ந்து தருவது 186 கலோரிதான். மொத்தம் 1165 கலோரி. இதில் பாஸ்தா, எண்ணெய், சீஸ் ஆகிய மூன்றின் எடை 227 கிராம் மட்டுமே என்றாலும், ஆற்றலில் நூற்றுக்கு 84 பங்கு அவற்றிலிருந்தே வருகிறது.

இந்தப் பகிர்வை வைத்து எதில் கவனம் வேண்டும், எதில் வேண்டாம் என்று முடிவுசெய்யலாம். காய்கறியை நிறுக்காமல் கண்மதிப்பாகப் போட்டு, அதில் கால் பங்கு தவறினாலும் கணக்கு 46 கலோரிதான் பிசகும். எண்ணெயில் ஒரு மேசைக்கரண்டி கூடுதலாக விழுந்தால் 120 கலோரி ஏறிவிடும். என் கருத்தில், ஒவ்வொரு காளானையும் நிறுத்து எழுதிக்கொண்டு, எண்ணெயைப் புட்டியிலிருந்து நேராகச் சாய்ப்பவர் தம் உழைப்பைத் தவறான இடத்தில் செலவிடுகிறார்.

பாஸ்தாவை ஏன் வேகவைக்கும் முன்பே நிறுக்க வேண்டும் என்பது சற்று விரிவாகப் பார்க்க வேண்டியது. கொதிநீரில் விழுந்த பாஸ்தாவின் மாவுச்சத்து மணிகள் சுமார் 60 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் நீரை உறிஞ்சி உப்பத் தொடங்குகின்றன. அவற்றைச் சுற்றியுள்ள கோதுமைப் புரத வலைதான் அவை கரைந்து வெளியே போய்விடாமல் பிடித்து வைக்கிறது. நீர் வெளிப்புறத்திலிருந்து மையத்தை நோக்கி மெல்ல ஊறுவதால், எவ்வளவு நேரம் வேகவிடுகிறோமோ அவ்வளவு எடை ஏறும். கடிக்கும்போது சற்று உறுதியாக இருக்கும் பதத்தில் இறக்கினால் பாஸ்தா தன் உலர்ந்த எடையைப்போல் இரு மடங்கை ஒட்டி நிற்கும், நன்றாகக் குழைய விட்டால் இரண்டரை மடங்கை எட்டும். 80 கிராம் உலர்ந்த பாஸ்தா ஒரு நாள் 170 கிராமாகவும் இன்னொரு நாள் 200 கிராமாகவும் வெந்து வரலாம். வெந்த பாஸ்தாவுக்கு 100 கிராமுக்கு 158 கலோரி என்று அட்டவணைகளில் காணப்படும் எண்ணைப் பயன்படுத்தினால் முதல் நாள் 269 என்றும், மறுநாள் 316 என்றும் விடை வரும். உண்மையில் இரு நாளும் உள்ளே இருந்தது ஒரே மாவுதான், 288 கலோரிதான். மாவுச்சத்தில் ஒரு சிறு பங்கு வேகவைத்த நீரில் கரைந்து போவது உண்மையே. அந்த நீர் வெண்மையாகக் கலங்குவது அதனால்தான். ஆனால் நல்ல பாஸ்தாவில் அந்த இழப்பு சில விழுக்காட்டைத் தாண்டுவதில்லை.

இதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. வெந்த பாஸ்தாவை நிறுத்து, அந்த எடைக்குப் பொட்டலத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் போடுவதே அது. பொட்டலத்து எண் பெரும்பாலும் உலர்ந்த பாஸ்தாவுக்கானது. 180 கிராம் வெந்த பாஸ்தாவுக்கு அதைப் பயன்படுத்தினால் 288க்குப் பதிலாக 648 என்று வரும். இந்தத் தவறு நேர்ந்திருக்கிறதா என்று கண்டுபிடிப்பது எளிது: 100 கிராமுக்கு 300க்கு மேல் இருந்தால் அது உலர்ந்த பாஸ்தாவின் எண், 150ஐ ஒட்டி இருந்தால் வெந்ததன் எண். பலருக்குச் சேர்த்துச் சமைக்கும்போது வெந்ததைத்தான் பகிர முடியும் என்பதால், அங்கே ஒரு விகிதத்தைக் கண்டுகொள்ளலாம். 320 கிராம் உலர்ந்த பாஸ்தா வடித்தபின் 720 கிராம் இருந்தால், பெருக்கம் 2.25. உங்கள் தட்டில் விழுந்தது 200 கிராம் என்றால், அதை 2.25ஆல் வகுத்து, சுமார் 89 கிராம் உலர்ந்த பாஸ்தா என்று எழுதிக்கொள்ளலாம். அன்றைய விகிதம் அன்றைய பானைக்கு மட்டுமே பொருந்தும்.

எண்ணெயின் சிக்கல் வேறு. அது தட்டில் கண்ணுக்குத் தெரிவதில்லை. கத்தரிக்காயின் சதை காற்றறைகள் நிறைந்த பஞ்சு போன்றது. சூடான எண்ணெயில் அதைப் போட்டதும் அந்த அறைகள் எண்ணெயை இழுத்துக்கொள்கின்றன, வாணலி காய்ந்துவிட்டதாகத் தோன்றுகிறது, சமைப்பவரின் கை மறுபடியும் புட்டியை நோக்கிப் போகிறது. முன்கூட்டியே கத்தரிக்காயை ஆவியில் வேகவைத்தால் அந்த அறைகள் அமுங்கிவிடுவதால் உறிஞ்சல் குறையும். அளப்பதற்கு நான் நம்பும் வழி, கரண்டியை விட்டுவிட்டுப் புட்டியையே தராசில் வைப்பது. புட்டி மேலே இருக்கும்போது தராசைப் பூஜ்யமாக்கிவிட்டு, தேவையான போதெல்லாம் ஊற்றி, சமையல் முடிந்ததும் திரும்ப அதன் மேலேயே வைத்தால், திரையில் −27 என்பதுபோல ஓர் எதிர்மறை எண் தோன்றும். மொத்தம் எத்தனை கிராம் போனது என்பதை அது ஒரே எண்ணில் சொல்லிவிடும். வேகவைக்கும் நீரில் சிலர் ஊற்றும் எண்ணெய் மட்டும் விதிவிலக்கு. அது மேலே மிதந்து, பெரும்பாலும் வடிநீரோடு போய்விடுகிறது.

சீஸையும் கட்டியாகவே நிறுக்க வேண்டும், அல்லது துருவுவதற்கு முன்னும் பின்னும் கட்டியை நிறுத்து வித்தியாசத்தை எடுத்துக்கொள்ளலாம். கரண்டிக் கணக்கு இங்கே பயன்படாது. மெல்லிய இழைகளாகத் துருவிய சீஸில் இடையிடையே காற்று நிறைந்திருப்பதால், ஒரு கரண்டி இழை, ஒரு கரண்டி அழுத்திய தூளைவிட மிக லேசானது. வகையும் முக்கியம். நீர் மிகுந்த ரிக்கோட்டாவில் 100 கிராமுக்கு 150 முதல் 175 கலோரிதான் இருக்கும்.

கிரீம் சாஸ் என்றால் மூன்றாக இருந்த பட்டியல் நான்காகிறது. 35 விழுக்காடு கொழுப்புள்ள கிரீமில் 100 கிராமுக்குச் சுமார் 340 கலோரி இருப்பதால், முன் சொன்ன சமையலில் தக்காளிக்குப் பதிலாக 150 கிராம் கிரீமைச் சேர்த்தால் மொத்தம் 1165இலிருந்து 1603 ஆகிவிடும். ஆனால் சாஸின் கெட்டித்தன்மை கொழுப்பிலிருந்து மட்டுமே வர வேண்டும் என்பதில்லை, உப்பிய மாவுச்சத்தும் அதைத் தரும். 250 மில்லிலிட்டர் முழுக்கொழுப்புப் பாலை 15 கிராம் வெண்ணெய், 15 கிராம் கோதுமை மாவு ஆகியவற்றோடு காய்ச்சிச் செய்யும் வெள்ளைச் சாஸில் மொத்தமே சுமார் 320 கலோரிதான், 150 கிராம் கிரீமிலோ 510 கலோரி. நாவில் இரண்டும் வழவழப்பாகவே தோன்றும் என்பதால், உண்ணும்போது எது எவ்வளவு என்று உணர்ந்து சொல்ல முடியாது.

மொத்தக் கலோரி கிடைத்தபின், பங்கிடும்போதுதான் தட்டின் எடை பயன்படுகிறது. வெறும் பாத்திரத்தை முன்பே நிறுத்து 1240 கிராம் என்று குறித்து வைத்திருந்தோம், சமையல் முடிந்ததும் அது 2210 கிராம் காட்டுகிறது என்று கொள்வோம். உணவு 970 கிராம். 1165ஐ 970ஆல் வகுத்தால் கிராமுக்கு 1.2 கலோரி. 420 கிராம் எடுத்துக்கொண்டவருக்கு 504 கலோரி, மீதி 550 கிராமுக்கு ஏறத்தாழ 660. சாஸ் இன்னும் பத்து நிமிடம் வற்றியிருந்தால் இந்த 1.2 ஏறியிருக்கும், மொத்தம் மாறியிருக்காது. இந்தப் பங்கீட்டில் ஒரு நிபந்தனை உண்டு: சீஸை மேலே தூவாமல் நன்றாகக் கலந்திருக்க வேண்டும். தூவியிருந்தால் மேலிருந்து அள்ளியவருக்குக் கூடுதல் போய்விடும், ஆகவே தூவும் சீஸை அவரவர் தட்டிலேயே நிறுத்துக்கொள்வது நல்லது.

இவ்வளவு செய்தபின்னும் விடையில் சிறிது தளர்வு இருக்கும். 4, 9 என்பவை சராசரிகள். ஆறவைத்த பாஸ்தாவில் மாவுச்சத்தின் ஒரு சிறு பகுதி மீண்டும் இறுகி, எளிதில் செரிக்காத வடிவத்துக்கு மாறுகிறது என்றாலும், கணக்கிலிருந்து கழித்துக்கொள்ளும் அளவுக்கு அது பெரிதன்று. வாணலியில் ஒட்டிக்கொண்டு நிற்கும் படலமும் உண்டு. அது 20 கிராம் இருந்தால் நம் கணக்கில் 24 கலோரி, எண்ணெய் மிகுந்த படலம் என்பதால் உண்மையில் அதைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். யாரும் அதை வழித்துச் சாப்பிடாதவரை, எழுதிய எண் உண்டதைவிட அவ்வளவு மட்டும் அதிகமாக நிற்கும்.