வளையத்தை எங்கே நின்று எறிவீர்கள்?

ஹட்டனில் உயர்தர மாணவர்களுக்கு வணிகக் கல்வி சொல்லிக்கொடுக்கிறேன். ஒவ்வொரு வருடமும் விடைத்தாள்களில் ஒரே பிழையைப் பார்க்கிறேன்: "முயற்சியாளர் பெரிய இடர்களை விரும்பி ஏற்பவர்." ஒரு காரியத்தை நன்றாகச் செய்து முடிக்க வேண்டும் என்ற உள் உந்துதலான அடைவுத் தேவை பற்றி ஒரு பக்கம் சரியாக எழுதிய பிள்ளைகூட அடுத்த பக்கத்தில் இதை எழுதிவிடுகிறது. அடைவுத் தேவை என்ற கருத்து சொல்வது கிட்டத்தட்ட இதற்கு எதிரானதை. அது ஏன் என்று புரிந்துவிட்டால், முயற்சியாளரின் மற்றப் பண்புகளைத் தனித்தனியாக மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

அமெரிக்க உளவியலாளர் டேவிட் மெக்லெலண்டும் அவரைச் சேர்ந்தவர்களும் பயன்படுத்திய ஒரு எளிய சோதனையிலிருந்து தொடங்குவோம். தரையில் ஒரு முளை. கையில் சில வளையங்கள். எங்கே நின்று எறிவது என்பது உங்கள் விருப்பம். சிலர் முளைக்குப் பக்கத்திலேயே நின்று போடுவார்கள், ஒன்றும் தவறாது. சிலர் அறையின் மறுகோடிக்குப் போய் எறிவார்கள், விழுந்தால் அதிர்ஷ்டம். அடைவுத் தேவை கூடியவர்கள் நடுத்தூரத்தில் நின்றார்கள். கவனமாக எறிந்தால் விழும், கவனம் பிசகினால் விழாது என்ற தூரம் அது.

அந்தத் தூரம் ஏன் அவர்களை இழுக்கிறது என்பதை ஜோன் அட்கின்சன் 1957இல் ஒரு கணக்காகச் சொன்னார்:

நாட்டம் = அடைவு ஊக்கம் × வெற்றி வாய்ப்பு × வெற்றியின் கவர்ச்சி

இதில் கவர்ச்சி என்பது 1இலிருந்து வெற்றி வாய்ப்பைக் கழித்தால் வருவது. எளிதாகக் கிடைப்பதில் மனநிறைவு குறைவு, கடினமாகக் கிடைப்பதில் கூடுதல். அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்துத் தோட்டத்து அக்கா ஒருவரை வைத்து இதைப் போட்டுப் பார்ப்போம். பகலில் கொழுந்து பறிக்கிறார், இரவில் லயத்து அறையில் தையல். பாடசாலைச் சீருடைத் துணியை அரசாங்கமே இலவசமாகக் கொடுக்கிறது, தைக்கத்தான் ஆள் வேண்டும். போன வருடம் 14 சீருடை தைத்தார். இந்த முறை அவர் முன்னால் மூன்று வழிகள். அதே 14ஐத் தைப்பது ஒன்று. பாடசாலை திறக்க இருக்கும் மூன்று வாரத்தில் 25 தைப்பது இன்னொன்று. கடன் எடுத்து ஹட்டன் டவுனில் ஒரு தையல் கடை போடுவது மூன்றாவது.

முதலாவதில் வெற்றி வாய்ப்பு 0.9 என்று வைப்போம். கவர்ச்சி 0.1. பெருக்கினால் 0.09. டவுன் கடைக்கு வாய்ப்பு 0.1, கவர்ச்சி 0.9. அதுவும் 0.09தான். 25 சீருடைக்கு வாய்ப்பு 0.5, கவர்ச்சி 0.5. பெருக்கினால் 0.25. ஊக்கம் என்ற முதல் எண் பெரிதாக இருப்பவருக்கு இந்த வித்தியாசமும் பெரிதாகும். ஊக்கம் மிகக் குறைந்தவருக்கு மூன்றும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தெரியும்.

அந்த 0.5 எங்கிருந்து வந்தது? அக்கா சும்மா ஆசைப்பட்டு 25 என்று சொல்லவில்லை. ஒரு இரவுக்கு ஒன்று என்றால் 21. மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னொன்று கூட என்றால் 24. ஒன்றை எங்காவது பிடித்துக்கொள்ளலாம். கரண்ட் போனால், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் தவறும். இப்படித் தன் கையின் வேகத்தை அளந்து இலக்கு வைப்பதைத்தான் பாடநூல் 'கணிக்கப்பட்ட இடர்' என்கிறது.

அட்கின்சன் தோல்வி பயத்தையும் இதே கணக்கில் சேர்த்தார். அது நாட்டத்திலிருந்து கழிபடும். பயம் ஊக்கத்தை விடக் கூடினால் படம் தலைகீழாகிறது: நடுவில் இருப்பதுதான் அவரை மிகவும் விரட்டும். அதனால் அவர் ஓரங்களுக்குப் போகிறார். 14ஐத் தைத்தால் தோற்கவே முடியாது. டவுன் கடையில் தோற்றாலும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள், அது யாருக்குமே கஷ்டம்தானே. பெரிய கனவு பேசும் ஒருவரைப் பார்த்தவுடன் அடைவுத் தேவை கூடியவர் என்று முடிவு செய்யக்கூடாது என்பது இதனால்தான். அடுத்த வாரம் என்ன செய்யப்போகிறார் என்று கேட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மற்றப் பண்புகள் இங்கிருந்தே கிளைக்கின்றன. நடுத்தர இடர் பிடிப்பது, விளைவு தன் திறமையில் தங்கியிருக்கும்போதுதான். பகடையில் அந்த இழுப்பு இல்லை. ஆகவே பொறுப்பு தன் கையில் இருக்க வேண்டும் என்று விரும்புகிறார். எறிந்த வளையம் விழுந்ததா என்று உடனே தெரிய வேண்டும், ஆகவே பின்னூட்டத்தைத் தேடுகிறார். கொழுந்து நிறுக்கும்போதும் எத்தனை கிலோ என்று தெரிகிறதே என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. அங்கே அளவு இருக்கிறது, ஆனால் எத்தனை கிலோ பறித்தால் முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம், என்று முடிவு செய்வது தோட்டம். அக்காவின் 25ஐ முடிவு செய்தது அக்கா. இலாபமும் இவருக்குப் பின்னூட்டம்தான், எவ்வளவு நன்றாகச் செய்தேன் என்று காட்டும் புள்ளி. பணத்தாசையும் அடைவுத் தேவையும் ஒன்றல்ல என்று எழுத வேண்டிய இடம் இது.

இந்தத் தேவையை எப்படி அளந்தார்கள்? ஒரு படத்தைக் காட்டிக் கதை எழுதச் சொன்னார்கள். தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்த ஒரு பெண்ணின் படம் என்று வையுங்கள். "களைத்துப்போய் ஊரில் இருக்கும் அம்மாவை நினைக்கிறாள்" என்று ஒருவர் எழுதுகிறார். "கொலர் மடிப்பு சரியாக வரவில்லை, பிரித்து வேறு விதமாக முயல்கிறாள்" என்று இன்னொருவர். இரண்டாவதில் ஒரு தரத்தோடு போட்டி இருக்கிறது. அதற்குத்தான் புள்ளி. முதலாவதில் தெரிவது உறவுத் தேவை. இந்த அளவீட்டின் பலவீனமும் கண்முன்னே இருக்கிறது: அதே ஆள் இன்னொரு நாள் வேறு கதை எழுதலாம்.

இந்தத் தேவை பிறவியிலேயே முடிவாகிவிடுவதா? மெக்லெலண்ட் அப்படி நினைக்கவில்லை. 1960களின் நடுவில் ஆந்திராவின் காக்கிநாடாவிலிருந்து சிறு வியாபாரிகளை ஐதராபாத்துக்கு அழைத்து, அடைவு நோக்கில் சிந்திக்கவும் இலக்கு வைக்கவும் பயிற்சி கொடுத்தார்கள். திரும்பிப் போனவர்கள், பயிற்சி பெறாதவர்களை விடத் தொழிலில் சுறுசுறுப்பாக இருந்தார்கள்.

ஆனால் இதை மலையகத்தில் பேசும்போது ஒன்றை விடக்கூடாது. வெற்றி வாய்ப்பு என்ற எண் ஆளின் மனதுக்குள் மட்டும் இருப்பதல்ல. லயத்து அறைக்கு உறுதிப் பத்திரம் இல்லாத குடும்பம் அதை வங்கியில் ஈடு வைக்க முடியாது. அதே திறமை, அதே ஊக்கம் உள்ள ஒருவருக்குச் சொந்தக் காணி இருந்தால் டவுன் கடை 0.4 ஆகியிருக்கும். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஊக்கம் குறைவு என்று பேசுபவர்கள் இந்த எண்ணைப் பார்ப்பதே இல்லை. 1988இல் வில்லியம் கார்ட்னர், முயற்சியாளர் யார் என்று கேட்பதை விட்டு அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள் என்றார். முயற்சியாளரை அவரது பண்புகளால் விளக்கும் பண்புக் கோட்பாட்டை விமர்சிக்கச் சொல்லும் வினாவுக்கு இந்த இரண்டையும் எழுதலாம்.

அக்கா 25ஐயும் தைத்து முடித்தார், கடைசி இரண்டையும் பாடசாலை திறப்பதற்கு முதல் நாள் இரவில். அடுத்த வருடம் 25இன் வெற்றி வாய்ப்பு 0.8 ஆகிவிட்டது. 0.8ஐ 0.2ஆல் பெருக்கினால் 0.16. போன வருடம் இருந்த இழுப்பு அதில் இல்லை. இப்போது அவர் 40 என்கிறார். தங்கச்சிக்குக் கொலர் தைக்கப் பழக்கிக்கொண்டிருக்கிறார்.